கேட்டவருக்கு மட்டும் கடிதம்

2016 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க அரசு அலுவலர்கள் பலருடைய மின்னஞ்சல் பெட்டிகள் திடீரென நிரம்பி வழிந்தன. வந்து குவிந்தவை மோசடிக் கடிதங்கள் அல்ல. எங்கெங்கோ இருக்கிற, ஒழுங்காகத் தொழில் செய்கிற இணையதளங்களின் செய்திமடல்கள் அவை. ‘எங்கள் செய்திமடலில் இணைந்ததற்கு நன்றி’ என்று ஒவ்வொன்றும் வரவேற்றது. பெற்றவர்களோ எதிலும் இணையவில்லை. இணையக் குற்றங்களைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸும் இந்தத் தாக்குதலுக்கு ஆளானார். அதைப் பற்றி எழுதவும் செய்தார்.

நடந்தது இவ்வளவுதான். யாரோ ஒரு நிரலை எழுதி, குறிவைத்த முகவரிகளை ஆயிரக்கணக்கான இணையதளங்களின் ‘செய்திமடலில் சேர’ பெட்டிகளில் தட்டச்சு செய்ய வைத்தார்கள். அந்தத் தளங்கள் எதுவும் கேட்காமல் முகவரியை வாங்கிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன, கடிதமும் அனுப்பத் தொடங்கின. எரிதங்களைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு, இந்தக் கடிதங்களை அனுப்பிய சர்வர்களில் பலவற்றைத் தடைப்பட்டியலில் ஏற்றியது. தாக்கியவர் யாரென்று தெரியாமல் போக, பெட்டியைத் திறந்து போட்டிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

தமிழில் இன்று சிறு பதிப்பகங்கள், இயற்கை அங்காடிகள், நாடகக் குழுக்கள், பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்கள் எனப் பலரும் மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்புகிறார்கள். அவர்களுடைய இணையதளத்திலும் அதே பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்க வேண்டும் என்பதை, மாதம் ஒரு மடல் அனுப்ப நினைக்கும் ஒரு சிறு பதிப்பகத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முகவரி தெரிந்தால் அனுமதி ஆகாது

ஒருவர் பெட்டியில் ஒரு முகவரியைத் தட்டியிருக்கிறார். அதிலிருந்து நமக்குத் தெரிவது, யாரோ ஒருவருக்கு அந்த முகவரி தெரியும் என்பது மட்டுமே. அது அவருடையதுதானா, எழுத்துப் பிழை இல்லாமல் தட்டினாரா, வேண்டாதவர் பெயரில் விளையாடுகிறாரா என்று எதுவும் தெரியாது. என் அனுபவத்தில் விஷமத்தை விடப் பிழைதான் அதிகம். `gmail.com` என்பதற்குப் பதில் `gmial.com`, `gmail.con` என்று தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெயருக்கு நடுவே ஓர் எழுத்தோ எண்ணோ மாறினால் நிலைமை இன்னும் மோசம். அப்படி ஒரு முகவரி உண்மையிலேயே வேறொருவருக்கு இருக்கக்கூடும். அவருக்கு மாதாமாதம் நம் மடல் போகும்.

இதற்கான மருந்துதான் இரட்டை ஒப்புதல். ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே ‘டபுள் ஆப்ட்-இன்’ என்றும் சொல்வார்கள். பெட்டியில் முகவரி தருவது முதல் ஒப்புதல். உடனே அந்த முகவரிக்கு ஒரே ஒரு கடிதம் போகிறது. அதில் உள்ள லிங்கைத் திறந்து ‘ஆம், எனக்கு வேண்டும்’ என்று சொல்வது இரண்டாவது ஒப்புதல். அந்த அஞ்சல் பெட்டியைத் திறக்கக்கூடியவரால் மட்டுமே இரண்டாவதைத் தர முடியும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தால்தான் கடிதம் உரியவர் கைக்குப் போனது என்று நம்பினோம் அல்லவா, அதே ஏற்பாடு. அட்டை வரும் வரை அந்த முகவரி பட்டியலில் இல்லை, காத்திருப்பில் மட்டும் இருக்கிறது.

ஒரே ஒரு பெட்டி போதும்

பதிப்பகத்தின் இணையதளத்தில் வைக்க வேண்டிய படிவம் மிகச் சிறியது.

```html
<form method="post" action="/join">
  <label for="em">மின்னஞ்சல் முகவரி</label>
  <input id="em" type="email" name="email" required>
  <button>செய்திமடலில் சேர்க</button>
</form>
```

`type="email"` என்று எழுதியிருப்பதால் கைபேசியில் `@` குறி உள்ள விசைப்பலகை தானாக வரும். அந்தக் குறியே இல்லாமல் தட்டினால் உலாவியே தடுத்துவிடும். பட்டனுக்குக் கீழே ஒரு வரி இருக்க வேண்டும்: ‘மாதம் ஒரு மடல். எங்கள் புதிய புத்தகங்களைப் பற்றி மட்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.’ வாசகர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பது இந்த வரியில்தான் இருக்கிறது. நாளைக்கு இதே முகவரிக்குத் தள்ளுபடி விளம்பரங்களை வாரந்தோறும் அனுப்பினால், அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்று பொருள்.

படிவத்தில் பெயர் கேட்கலாமா என்று பலரும் கேட்பார்கள். ‘அன்புள்ள கண்ணன்’ என்று தொடங்கினால் நெருக்கமாக இருக்குமே என்பது அவர்கள் எண்ணம். கேட்காமல் இருப்பதே நல்லது. காரணம், பெயர்ப் பெட்டியைப் பயன்படுத்தி நடக்கும் ஒரு மோசடி. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இங்கே பாருங்கள்’ என்று எழுதி அதோடு ஒரு லிங்கையும் சேர்ப்பார்கள். முகவரி இடத்தில் ஏமாற வேண்டியவருடைய முகவரியைத் தருவார்கள். நம் சர்வர் அந்தப் ‘பெயரை’ உறுதிக் கடிதத்தின் முதல் வரியில் அப்படியே போட்டு அனுப்பிவிடும். மோசடிக் கடிதம் நம் பதிப்பகத்தின் முகவரியிலிருந்தே போயிருக்கும். முன்பின் தெரியாதவர் தட்டிய எதுவும் முதல் கடிதத்தில் இடம்பெறக் கூடாது. பெயர் வேண்டுமென்றால், ஒப்புதல் கிடைத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

பட்டனை அழுத்தியதும் திரையில் வரும் பதிலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முகவரி புதிதாக இருந்தாலும் ஏற்கெனவே பட்டியலில் இருந்தாலும் ஒரே பதில்தான் வர வேண்டும்: ‘உங்கள் அஞ்சல் பெட்டியைப் பாருங்கள். உறுதி செய்தால்தான் மடல் வரும். காணவில்லை என்றால் ஸ்பாம் பகுதியிலும் தேடுங்கள்.’ ‘இந்த முகவரி ஏற்கெனவே இருக்கிறது’ என்று சொன்னால், யார் எந்த மடலை வாசிக்கிறார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் முகவரியைத் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பதிப்பகத்துக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாது. மருத்துவ ஆலோசனை மடலுக்கோ ஓர் அரசியல் இயக்கத்தின் மடலுக்கோ அப்படி இல்லை.

உறுதிக் கடிதம்

படிவம் வந்து சேர்ந்ததும் சர்வர் ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்குகிறது. அதை டோக்கன் என்பார்கள். யாரும் ஊகிக்க முடியாத நீளத்தில் அது இருக்க வேண்டும். பிஹெச்பி மொழியில் ஒரே வரி போதும்:

```php
$token = bin2hex(random_bytes(32));
```

64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம் இதிலிருந்து கிடைக்கும். வாசகருக்கு 1, 2, 3 என்று வரிசை எண் கொடுத்து அதையே லிங்கில் போடுவது பெரிய ஆபத்து. எண்ணை மாற்றி மாற்றித் தட்டி, ஊரில் உள்ள எல்லோர் சார்பிலும் ஒருவரே ஒப்புதல் தந்துவிடலாம், எல்லோரையும் விலக்கியும் விடலாம். டோக்கன், முகவரி, பதிவான நேரம், ‘காத்திருப்பில்’ என்ற நிலை, இந்த நான்கும் சேர்ந்து தரவுத்தளத்தில் ஒரு வரிசையாகச் சேமிக்கப்படும். பிறகு கடிதம் போகிறது.

கடிதம் எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. யார் அனுப்புகிறார்கள், ஏன் வந்திருக்கிறது, என்ன செய்ய வேண்டும், வேண்டாமென்றால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் போதும். ‘எங்கள் பதிப்பகத்தின் மாத மடலைப் பெற இந்த முகவரி எங்கள் தளத்தில் தரப்பட்டது. நீங்கள்தான் கேட்டீர்கள் என்றால் கீழே உள்ள லிங்கைத் திறந்து உறுதி செய்யுங்கள். நீங்கள் கேட்கவில்லை என்றால் எதுவும் செய்ய வேண்டாம். இனி எங்களிடமிருந்து கடிதம் வராது.’ இவ்வளவுதான். புத்தக அட்டைகள், தள்ளுபடி, பாராட்டுரை எதுவும் கூடாது. இந்தக் கடிதம் நம்மை யாரென்றே அறியாத ஒருவருக்குப் போயிருக்கக்கூடும். அவரிடம் விளம்பரம் செய்யும் உரிமை நமக்கு இன்னும் வரவில்லை.

லிங்குக்கு ஒரு காலக்கெடுவும் வேண்டும். இரண்டு நாள் என்பது நியாயமான அளவு. அதற்குள் உறுதி செய்யாதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. பதில் சொல்லாதவர் உண்மையில் கேட்காதவராகவும் இருக்கலாம். சில நாள் கழித்து அந்த வரிசையை அழித்துவிடுவதே முறை. அவருக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் மறுபடியும் பெட்டியில் முகவரியைத் தருவார்.

மனிதர் கை படாத கிளிக்

இதுவரை சொன்னதைச் சரியாகச் செய்தவர்களும் தவறும் ஓர் இடம் உண்டு. லிங்கைத் திறந்த உடனேயே ‘உறுதியாகிவிட்டது’ என்று சர்வர் குறித்துக்கொள்வதுதான் அது.

பெரிய அலுவலகங்கள், கல்லூரிகள், வங்கிகள் ஆகியவற்றின் அஞ்சல் சேவைகளில் பாதுகாப்பு மென்பொருள்கள் இருக்கின்றன. உள்ளே வரும் கடிதத்தில் உள்ள லிங்குகளில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, அவை தாமே ஒருமுறை அந்த லிங்குகளைத் திறந்து பார்ப்பதுண்டு. பெற்றவர் கடிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே, சில நேரம் கடிதம் போன ஓரிரு நொடிகளிலேயே, இது நடந்துவிடும். திறந்தாலே ஒப்புதல் என்று நாம் வைத்திருந்தால், மனிதர் யாரும் தொடாமலே ஒப்புதல் பதிவாகிவிடும். இரட்டை ஒப்புதல் என்று பெயர் மட்டும் இருக்கும், ஒப்புதல் இருக்காது.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கடிதம் அனுப்பிய நேரத்தையும் உறுதியான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதர்களின் இடைவெளி பலவிதமாக இருக்கும்: ஒருவருக்கு 40 நொடி, இன்னொருவருக்கு மூன்று மணி நேரம், வேறொருவருக்கு மறுநாள் காலை. ஒரே நிறுவனத்தின் முகவரிகள் எல்லாம் இரண்டு மூன்று நொடியில் உறுதியாகியிருந்தால் அது இயந்திரத்தின் வேலை.

தீர்வு எளிது. லிங்கைத் திறந்தால் ஒரு பக்கம் வரட்டும். அந்தப் பக்கத்தில் ‘ஆம், மடல் வேண்டும்’ என்று ஒரு பட்டன் இருக்கட்டும். அதை அழுத்தினால் மட்டுமே ஒப்புதல் பதிவாகட்டும். இணையத்தின் அடிப்படை விதியிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. உலாவி ஒரு பக்கத்தைப் பார்க்கக் கேட்பது `GET`. ஒன்றைச் செய்யச் சொல்வது `POST`. பரிசோதனை மென்பொருள்கள் வழக்கமாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும், பட்டனை அழுத்துவதில்லை. ஆகவே `GET` வந்தால் பக்கத்தைக் காட்டுவதோடு சரி. `POST` வந்தால்தான் எதையும் மாற்ற வேண்டும். வாசகருக்கு இதனால் கூடுதலாக ஒரு தட்டுதான்.

பட்டனை அழுத்தியதும் நாம் சில விவரங்களைக் குறித்து வைக்க வேண்டும்: எந்த நாள், எந்த நேரம், எந்த இணைய முகவரியிலிருந்து, அப்போது படிவத்தில் இருந்த வாசகம் என்ன. பின்னால் ஒருவர் ‘நான் கேட்கவே இல்லையே’ என்று சொன்னால் இந்தக் குறிப்பைக் காட்டலாம். ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதி இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அனுப்புபவருடையது. ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கும் மடல் அனுப்பும் பதிப்பகங்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

வெளியேறும் வழி

சேரும் வாசலைக் கட்டும் அக்கறையில் பாதிகூட விலகும் வாசலைக் கட்டுவதில் பலருக்கு இருப்பதில்லை. மடலின் அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு லிங்க். திறந்தால் கடவுச்சொல் கேட்கும். இல்லாவிட்டால் முகவரியை மறுபடி தட்டச் சொல்லும், ஏன் விலகுகிறீர்கள் என்று ஐந்து கேள்வி கேட்கும். இப்படிச் செய்தால் ஆட்கள் விலகாமல் இருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். விலக வழி தெரியாதவர் செய்வது வேறு. ஜிமெயிலில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ‘ஸ்பாம்’ பட்டனை அழுத்துகிறார்.

அந்த ஒரு தட்டின் விலை அதிகம். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளின்படி, ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது. நம் பதிப்பகத்துக்கு ஜிமெயிலில் 1,000 வாசகர்கள் இருந்தால் மூன்று பேர் அழுத்தினாலே எல்லை வந்துவிடும். அதன்பின் மடலை ஆசையாக எதிர்பார்க்கும் மற்ற 997 பேருக்கும் அது ஸ்பாம் பகுதியில் போய் விழக்கூடும். விலகும் லிங்கை ஒளித்து வைப்பவர், தங்கியிருக்க விரும்பும் வாசகர்களைத்தான் இழக்கிறார்.

எனவே விலகும் லிங்க், படிக்கக்கூடிய அளவில், ‘இந்த மடல் வேண்டாம்’ என்று நேரடியான சொல்லில் இருக்க வேண்டும். அதற்கும் தனியாக ஒரு டோக்கன் உண்டு. உறுதி செய்யும் டோக்கனுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு: இது காலாவதி ஆகக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு முன் வந்த மடலைத் தேடி எடுத்து அதிலிருந்து ஒருவர் விலக நினைக்கலாம். அவரிடம் ‘இந்த லிங்க் செல்லாது’ என்று சொல்வது நியாயமல்ல.

இதற்கு மேலாக, கடிதத்தின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும்:

```
List-Unsubscribe: <https://example.org/u/7f3a9c>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

இங்கே புரிவதற்காக டோக்கனைச் சுருக்கியிருக்கிறேன். முதல் வரி 1998லேயே வகுக்கப்பட்ட நெறி. அதில் வந்த சிக்கல் நாம் மேலே பார்த்த அதே சிக்கல்தான்: பரிசோதனை மென்பொருள்கள் அந்த லிங்கைத் திறந்துவிட, வாசகருக்குத் தெரியாமலே அவர் பட்டியலிலிருந்து விலகிப்போனார். அதைத் தீர்க்கவே 2017 ஜனவரியில் ஆர்எஃப்சி 8058 என்ற நெறி வெளியாகி இரண்டாவது வரி சேர்ந்தது. ‘திறந்தால் விலக்காதே, இந்தச் சொல்லோடு `POST` வந்தால் விலக்கு’ என்பது அதன் பொருள். இந்த வரிகள் இருந்தால், அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே விலகும் பட்டன் ஒன்றைக் காட்டும். வாசகர் அதைத் தட்டினால் போதும்; நம் தளத்துக்கு வரவே தேவையில்லை. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோருக்கு விளம்பர, செய்திமடல் வகைக் கடிதங்களில் இது கட்டாயம். விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்கவும் வேண்டும். சிறு பட்டியலுக்குக் கட்டாயமில்லை என்றாலும் வைப்பதே நல்லது. ஸ்பாம் பட்டனை நோக்கிப் போகும் விரலை இது திருப்பிவிடும்.

சர்வர் பக்கத்தில் எழுத வேண்டியது கொஞ்சம்தான்:

```php
if ($_SERVER['REQUEST_METHOD'] === 'POST') {
    unsubscribe($token);
    echo 'விலக்கிவிட்டோம்.';
} else {
    show_button($token);
}
```

மடலின் அடியில் உள்ள லிங்கைத் திறப்பவருக்கு ஒரு பட்டன் உள்ள பக்கம் வரும். ஜிமெயில் அனுப்பும் `POST` நேராக விலக்கிவிடும். இரண்டுக்கும் ஒரே பாதை.

இங்கே பலரைத் தடுக்கி விழ வைக்கும் ஒரு கல் உண்டு. ஜாங்கோ, லாரவெல் போன்ற கட்டமைப்புகளில், வெளியிலிருந்து வரும் `POST` கோரிக்கையைச் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பும் பாதுகாப்பு இயல்பாகவே இயங்கும். ஜிமெயிலின் கோரிக்கையும் வெளியிலிருந்துதான் வருகிறது. வாசகர் விலகிவிட்டதாக நினைப்பார். நம் சர்வரோ மறுத்திருக்கும். அடுத்த மாதம் மடல் போகும். இந்த ஒரு பாதைக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கு தர வேண்டும். யாரும் ஊகிக்க முடியாத டோக்கன் இருப்பதால் அதில் ஆபத்தில்லை. சரியாக இருக்கிறதா என்று கட்டளை வரியில் பார்க்கலாம்:

```
curl -i -d "List-Unsubscribe=One-Click" https://example.org/u/7f3a9c
```

பதிலின் முதல் வரியில் 200 என்று வந்து, தரவுத்தளத்திலும் நிலை மாறியிருந்தால் சரி. 403 அல்லது 419 வந்தால் பாதுகாப்பு தடுக்கிறது. 302 வந்தால் வேறு பக்கத்துக்குத் திருப்புகிறோம் என்று பொருள். அந்த நெறி அதை அனுமதிப்பதில்லை.

மடலை நண்பருக்கு அனுப்பி வைப்பவர்களும் உண்டு. நண்பர் அடியில் உள்ள லிங்கைத் தட்டினால் விலகுவது நண்பரல்ல, அனுப்பிவைத்த வாசகர். அதனால் விலகும் பக்கத்தில் முகவரியைப் பாதி மறைத்துக் காட்டுவது நல்லது: ‘`ka•••@gmail.com` முகவரிக்கு இனி மடல் வேண்டாமா?’ தன் முகவரி அல்ல என்று பார்த்ததும் நண்பர் கையை எடுத்துக்கொள்வார்.

விலகியவர் திரும்பி வரக் கூடாது

விலகியவருடைய வரிசையைத் தரவுத்தளத்திலிருந்து அழித்துவிடுவதுதான் மரியாதை என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்தவர், பழைய எக்செல் கோப்பு ஒன்றைக் கண்டெடுத்து ‘இதில் நிறைய முகவரி இருக்கிறதே’ என்று பட்டியலில் ஏற்றிவிடுகிறார். விலகியவர் அதில் இருக்கிறார். அவர் விலகினார் என்று சொல்ல இப்போது எந்தச் சான்றும் இல்லை. மறுபடி அவருக்கு மடல் போகிறது, இந்த முறை அவர் ஸ்பாம் பட்டனைத்தான் தேடுவார்.

ஆகவே, விலகியவர் பற்றிய மற்ற விவரங்களை அழித்துவிட்டு, ‘இவருக்கு அனுப்பாதே’ என்ற ஒரு தனிப் பட்டியலில் முகவரியை மட்டும் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மடலும் புறப்படும் முன் இந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். அவரே திரும்ப வந்து படிவத்தில் முகவரி தந்து, உறுதிக் கடிதத்திலும் ஆம் என்று சொன்னால் மட்டுமே அந்தத் தடை நீங்க வேண்டும்.

சட்டமும் இதே திசையில்தான் போகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தருவது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதற்கு ஒப்பான எளிமையில் அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. ஒரு பெட்டியில் முகவரி தந்து ஓரிரு தட்டில் சேர்ந்தவரை, விலகும்போது கடவுச்சொல்லும் கேள்விப் பட்டியலும் காட்டி நிறுத்துவது இதற்கு முரண்.

இதனால் தீராதது

இரட்டை ஒப்புதல் எல்லாவற்றையும் தீர்க்காது. 2016இல் நடந்தது போன்ற தாக்குதலில் நம் படிவம் சிக்கினால், பாதிக்கப்பட்டவருக்கு நம்மிடமிருந்து ஓர் உறுதிக் கடிதமாவது போகவே செய்யும். ஆயிரம் தளங்கள் ஆளுக்கொன்று அனுப்பினாலும் அவர் பெட்டி நிறையும். அதனால் ஒரே முகவரிக்கு ஒரு நாளில் ஓர் உறுதிக் கடிதத்துக்கு மேல் போகாதபடி வரம்பு வைக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் புதுப்புது முகவரிகள் வந்தால் நிறுத்திவைக்கவும் வேண்டும். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொய்ப் பெட்டியைப் படிவத்தில் வைத்து, அதையும் நிரப்பி அனுப்புவதை இயந்திரம் என்று தள்ளிவிடுவதும் உதவும். காத்திருப்பில் உள்ள முகவரிகள் ஒரே நாளில் பல மடங்கு ஏறி, உறுதி செய்தவர்கள் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தால், யாரோ உங்கள் படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, உண்மையாகவே விரும்பிய சிலரும் உறுதி செய்ய மறந்துபோவார்கள். அது இந்த முறையின் விலை. ஆனால் ஜிமெயில் வாசகர்கள் மட்டும் திடீரென யாருமே உறுதி செய்யவில்லை என்றால் அது மறதியல்ல. உறுதிக் கடிதம் ஸ்பாமில் விழுகிறது. அனுப்புபவர் உண்மையானவர்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் நம் டொமைனில் சரியாக இருக்கின்றனவா என்று அப்போது பார்க்க வேண்டும்.

கடைசியாக, பதிப்பாளர்கள் கேட்கும் கேள்வி ஒன்று. புத்தகக் காட்சி அரங்கில் ஒரு நோட்டை வைத்து வாசகர்களின் முகவரியை எழுதி வாங்கியிருப்பார்கள். அதை நேராகப் பட்டியலில் ஏற்றலாமா? ஏற்றக் கூடாது. கையெழுத்தில் ஆங்கில ‘எல்’ எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் ஒன்றுபோல் இருக்கும், ‘ஓ’ எழுத்தும் பூஜ்யமும் குழம்பும். தவறாகப் படித்த ஒவ்வொரு முகவரியும் திரும்பி வரும் கடிதமாகவோ அந்நியர் ஒருவருக்குப் போகும் மடலாகவோ முடியும். நோட்டில் உள்ள முகவரிகளையும் அதே படிவத்தின் வழியாகவே, வரம்புக்குள், நாளுக்குச் சிலவாக உள்ளே அனுப்புங்கள். உறுதிக் கடிதத்தில் ‘புத்தகக் காட்சியில் எங்கள் அரங்கில் முகவரி தந்தீர்கள்’ என்று ஒரு வரி சேருங்கள். அடுத்த ஆண்டு நோட்டுக்குப் பதில் க்யூஆர் குறியீட்டை ஒட்டி வைத்தால், வாசகரே தன் கைபேசியில் தட்டி, அரங்கை விட்டு நகரும் முன்பே உறுதி செய்துவிடுவார். நோட்டில் 300 பேர் எழுதியிருந்து 120 பேர் மட்டும் உறுதி செய்தால், உங்கள் பட்டியல் 120 தான். அந்த 120 பேருக்குத்தான் முதல் மடலை எழுத வேண்டும்.